சாமிக்குச் சவரம்

கார்த்திகை மாதம் தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்கு வருகிறவர் எல்லாரும் சாமிதான். அன்றைக்கு வந்த சாமிக்கு முப்பது வயதிருக்கும். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றியில் பட்டையும் சந்தனமும், நெஞ்சைத் தொடப் பார்க்கும் தாடி. கூடவே அவருடைய அம்மா.

"சாமி, தாடியை எடுக்கணும்" என்றார்.

"பக்கத்துக் கடை சாமி" என்று சலூனைக் காட்டினேன்.

விஷயம் இதுதான். பெண் வீட்டில் போட்டோ கேட்கிறார்கள். மார்கழி பிறந்துவிட்டால் பேச்சே எடுக்கமாட்டார்கள். மாலை போட்டாயிற்று, மலைக்குப் போய்வரும்வரை கத்தி படக்கூடாது. ஆகவே தாடியைக் கம்ப்யூட்டரில் எடுக்க வேண்டும். மீசை மட்டும் இருக்கட்டும் என்றார் அம்மா. நானும் மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே ஓடும் பள்ளத்தை ஒன்றுமில்லாததிலிருந்து வரைவது பெரிய தலைவலி.

பாஸ்போர்ட்டுக்கோ அடையாள அட்டைக்கோ கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். அதில் முகம் உள்ளபடி இருக்க வேண்டும். கல்யாணப் போட்டோவில் உள்ளபடி இருந்தால்தான் அதிசயம்.

மாலை தெரியாதபடி வெள்ளைச் சட்டைக்குக் காலர் பட்டன் போட்டு, சாஃப்ட் பாக்ஸை இடது பக்கம் வைத்து ஒரு படம் எடுத்தேன். சாயங்காலம் வந்து பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். சும்மா அழிக்கிற வேலைதானே என்ற நினைப்பு.

முதலில் ஹீலிங் பிரஷ்ஷை எடுத்தேன், அதுதான் முதல் தப்பு. அது கன்னத்திலிருந்து தோலின் துளைகளை எடுத்துவரும், ஆனால் நிறத்தை ஒட்டும் இடத்தின் ஓரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஓரத்தில் இருப்பதோ கறுத்த முடி. தாடை முழுக்க மையைத் தொட்டுத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. சரி, குளோன் ஸ்டாம்ப் என்று மாறினேன். அது இருப்பதை அப்படியே பெயர்த்து வைக்கும். சாதாரணமாக நெற்றியிலிருந்து நிறைய தோல் கிடைக்கும், சாமிக்கு நெற்றி முழுக்க விபூதி. மிச்சம் இருந்தது கன்னத்தில் உள்ளங்கை அளவுகூட இல்லாத இடம். அதிலிருந்தே திரும்பத் திரும்ப எடுத்துத் தாடையை நிரப்பினேன்.

சாயங்காலம் அம்மா திரையைப் பார்த்தார். "தம்பி, இவனுக்கு ஏது மூணு மச்சம்?"

கன்னத்து மச்சம் தாடையில் ஒன்றும் கழுத்தில் ஒன்றுமாகக் குட்டி போட்டிருந்தது. அதைவிடப் பெரிய குறையை அவர் மரியாதைக்காகச் சொல்லவில்லை. முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. அடர்ந்த தாடி தாடைக்கு வெளியே ஒரு விரல்கடைக்கு மேல் நிற்கும். நான் தாடியின் விளிம்பையே தாடையின் விளிம்பாக எடுத்துக்கொண்டு உள்ளே தோலை நிரப்பியிருந்தேன்.

"பழைய போட்டோ ஏதாவது இருக்கா சாமி?"

பத்து வருடத்துக்கு முந்தைய கல்லூரி அடையாள அட்டை வந்தது. அதில் ஆள் ஒல்லி, ஆனால் எலும்பு மாறாதே. காது மடலிலிருந்து தாடை எங்கே திரும்புகிறது, முகவாய் கூரா சதுரமா என்பது அதில் தெரிந்தது. அந்தக் கோட்டைப் பென் டூலால் புதுப் படத்தில் வரைந்துகொண்டேன். கோட்டுக்கு வெளியே பின்னணித் திரையின் நீலம், அதற்குக் கீழே கழுத்து. இந்தக் கழுத்தை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள். தாடி மறைத்திருந்த கழுத்தையும் புதிதாகத்தான் கட்ட வேண்டும். விளக்கு இடது பக்கம் என்றால் தாடையின் நிழல் கழுத்தில் வலது பக்கம் சரிந்து விழ வேண்டும். அது இல்லாவிட்டால் தலையைத் தனியே வெட்டிச் சட்டைமேல் வைத்த மாதிரி இருக்கும்.

தாடைக்குள் தோல் நிரப்பியதும் தட்டையாக இருந்தது. மேலே ஐம்பது சதவீதச் சாம்பல் நிற லேயர் ஒன்றைப் போட்டு, அதை சாஃப்ட் லைட்டில் வைத்து, ஐந்து சதவீத ஃப்ளோவில் வெள்ளையும் கறுப்புமாகத் தடவித் தடவி மேடு பள்ளம் கொண்டுவந்தேன். கீழுதட்டுக்கு அடியில் பள்ளம், முகவாயின் உருண்டையில் சின்ன மினுமினுப்பு, வலது தாடை கொஞ்சம் இருட்டு. ஒரு மணி நேரத்தில் மனித முகம் வந்தது.

ஆனால் அது பத்தாம் வகுப்புப் பையனின் முகம். மேலே முறுக்கிய மீசை, கீழே குழந்தைத் தாடை. நாடகத்தில் வேஷம் கட்டிய பிள்ளை மாதிரி இருந்தது. எங்கே குறை என்று பிடிபடாமல் டீ குடிக்கப் போனவன், சலூன் வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே ஒருவருக்கு அண்ணாச்சி முழுத் தாடியை எடுத்து முடித்திருந்தார். நான் அந்த ஆளின் முகவாயையே உற்றுப் பார்க்க, அவர் கண்ணாடி வழியாக என்னை முறைத்தார்.

"என்ன தம்பி, ஆள் தெரியலையா?" என்றார் அண்ணாச்சி. விஷயத்தைச் சொன்னேன். துண்டை உதறிக்கொண்டே பாடம் எடுத்தார். "வருசக்கணக்கா வெயில் படாத இடம் தம்பி. மேல கன்னம் கறுத்திருக்கும், கீழ வெளுத்துக் கிடக்கும். ஆனா பளிச்சுன்னும் இருக்காது பாத்துக்கோ. உள்ள வேர் இருக்குல்லா, அது சாம்பல் பூத்த மாதிரி காட்டும்."

பதினைந்து வருடமாக முகங்களோடு மாரடிக்கிறேன், இதை எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. வெளுப்பும் சாம்பலும் ஒன்றின்மேல் ஒன்று. நான் இரண்டையும் விட்டுவிட்டு, வெயில் பட்ட கன்னத்தின் நிறத்தையே கீழே வரை இழுத்திருந்தேன்.

திரும்பி வந்து தாடைப் பகுதியை மட்டும் கர்வ்ஸில் லேசாக வெளுக்க வைத்தேன். விளிம்பை நன்றாகக் கரைத்துவிட்டேன், இல்லையென்றால் முகமூடி மாட்டிய மாதிரி கோடு விழும். அதன்மேல் இன்னொரு லேயரில் நிறச் செறிவைக் குறைத்துச் சாம்பல் ஏற்றினேன். மேல்நாட்டுப் பாடங்களில் இந்த இடத்துக்கு நீலம் தடவச் சொல்வார்கள். நம் தோலில் நீலம் போட்டால் அடி வாங்கின கன்னம் மாதிரி ஆகிவிடும், பழுப்போடு சேர்ந்த சாம்பல்தான் சரி. முகவாயிலும் மீசைக்குப் பக்கவாட்டிலும் அடர்த்தி, கன்னத்தை நோக்கிப் போகப் போக ஒன்றுமில்லை. கடைசியில் கொஞ்சம் நாய்ஸ் தூவி, லேசாக மங்கலாக்கி, முடி வேர்ப் புள்ளிகள். படத்தைச் சின்னதாக்கி எட்டி நின்று பார்த்தேன். முப்பது வயது ஆள், காலையில் சவரம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"இப்பதான் என் பிள்ளை" என்றார் அம்மா. அப்புறம், "தாடையில இருக்க கலரை முகம் பூரா போட முடியாதா தம்பி?"

படம் போய்ச் சேர்ந்தது. பெண் வீட்டில் பிடித்துவிட்டது. தை பிறந்ததும் சாமி கையில் அரவணை டப்பாவோடு கடைக்கு வந்தார். மாலை கழற்றியாயிற்று, தாடி எடுத்தாயிற்று.

நான் முகத்தைப் பார்த்தேன், அவர் திரையில் தன் படத்தைப் பார்த்தார். தாடைக் கோடு கிட்டத்தட்ட சரி. வெளுப்பு நான் வைத்ததைப்போல இரண்டு மடங்கு இருந்தது. முகவாயின் இடது பக்கத்தில் அரை அங்குலத் தழும்பு ஒன்று.

"இது எப்ப?"

"சைக்கிள்ல விழுந்தது. அட்டை போட்டோவுக்கு அப்புறம். அம்மாவும் மறந்துட்டாங்க."

தழும்பையும் சேர்த்துத் தருகிறேன் என்று மவுஸைப் பிடித்தேன். அவர் அவசரமாகத் தடுத்தார்.

"போட்டோ நல்லாத்தான் இருக்கு சாமி. நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறோம். இந்த முகத்தை அது மாதிரி ஆக்க முடியுமா?"

நான்கு நாள் சவரம் செய்யாமல் வெயிலில் திரிந்தால் பாதி சரியாகிவிடும் என்றேன். நாளைக்குக் காலை பத்து மணி என்றார். அம்மா பவுடர் போட்டுப் பார்த்தாராம், தாடை இன்னும் வெளுத்துவிட்டதாம். நான் பேசாமல் அரவணை டப்பாவைத் திறந்துகொண்டு, இந்தமுறை நிஜமாகவே சலூன் பக்கம் கையைக் காட்டினேன்.