முதலில் இறங்கும் ஊரில்தான் எல்லாம்: சிகாகோ வழியாக கொலம்பஸ்

மார்ச் 4, புதன்

மே மாதம் அப்பாவும் அம்மாவும் வருவதற்கு டிக்கெட் பார்க்க உட்கார்ந்தேன். பிராங்க்ஃபர்ட் வழியாகச் சிகாகோ ஓஹேர் விமான நிலையம், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் நான் இருக்கும் கொலம்பஸ், எல்லாம் ஒரே டிக்கெட்டில். தேடியதும் மேலே வந்தது சிகாகோவில் மதியம் 1:10க்கு வந்து 2:50க்குக் கிளம்பும் இணைப்பு. அதற்கு அடுத்தது 5:05 விமானம். விலை கொஞ்சம் கூடுதல்.

1 மணி 40 நிமிடம் என்பது உள்நாட்டுப் பயணத்துக்குத் தாராளம். ஆனால் அமெரிக்காவுக்குள் வருகிறவர்கள் பொதுவாக முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, பெட்டியைத் திரும்பக் கொடுத்து, மறுபடி செக்யூரிட்டிக்குள் போக வேண்டும். கொலம்பஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போட முடியாது.

அப்படியானால் 1:40 இணைப்பை எப்படி விற்கிறார்கள்? ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ‘குறைந்தபட்ச இணைப்பு நேரம்’ என்று ஒன்று நிர்ணயித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு நிமிடம் மேலே இருந்தாலும் தளம் அந்த இணைப்பைக் காட்டும். பயணி முதல்முறை வருகிறவரா, வயதானவரா, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

அப்பா தொலைபேசியில் கேட்டது நியாயமான கேள்வி. “பெட்டியில கொலம்பஸ்னு சீட்டு ஒட்டிருவாங்கள்ல? அப்புறம் எதுக்கு நடுவுல இறக்கி ஏத்தணும்?”

காரணம் இதுதான். கொலம்பஸில் உள்நாட்டு விமானத்தின் பெட்டிகள் வந்து விழும் பெல்ட் பொது இடத்தில் இருக்கிறது. வரவேற்க வந்தவர்கள்கூட அங்கே நிற்கலாம், சுங்க அதிகாரி யாரும் இருக்க மாட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி சுங்கத்தைத் தாண்டாமல் அங்கே போய்ச் சேரக் கூடாது. அதனால் உரிமையாளரே பெட்டியோடு சிகாகோவில் சுங்கத்தைக் கடக்க வேண்டும். அப்படிப் பெட்டி ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் அதிலிருந்து கத்தியோ பெரிய பாட்டிலோ கைப்பைக்கு மாறியிருக்கலாம். அதற்காகத்தான் பயணிக்கு மறுபடியும் செக்யூரிட்டி சோதனை.

பக்கத்து வீட்டு அக்கா, “ஐரோப்பாவுக்குப் போனப்போ முதல் ஊர்ல பாஸ்போர்ட் மட்டும்தானே பார்த்தாங்க, பெட்டி நேரா கடைசி ஊருக்கு வந்துடுச்சே” என்றார். அதுவும் சரிதான். ஷெங்கன் நாடுகளில் இமிகிரேஷன் நுழையும் முதல் ஊரில், பெட்டிக்கான சுங்கம் பொதுவாகப் பயணம் முடியும் ஊரில். அந்தப் பழக்கத்தில்தான் பலர் சிகாகோவில் பெல்ட்டைப் பார்க்காமலே நடந்துவிடுகிறார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் awt.cbp.gov தளத்தில் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மணிவாரியாக இமிகிரேஷன் காத்திருப்பு நேரம் கிடைக்கிறது. ஓஹேர் டெர்மினல் 5, பகல் 1 மணியிலிருந்து 2 மணி வரை என்று எடுத்துப் பார்த்தேன். சராசரியை மட்டும் பார்த்தால் நிம்மதியாக இருக்கும். அதில் அமெரிக்கக் குடிமக்களின் வரிசையும் சேர்ந்திருக்கிறது. குடிமக்கள் அல்லாதவர்களுக்கான எண்ணையும், அதிலும் அதிகபட்சத்தையும் பார்க்க வேண்டும். நமக்கு அதுதான் கணக்கு.

அப்புறம் 1:10–2:50 இணைப்பைத் தாளில் போட்டுப் பார்த்தேன். விமானம் 1:10க்குச் சரியாக நின்றாலும், நடு வரிசைக்குப் பின்னால் இருப்பவர் இறங்கி நடந்து ஹாலுக்கு வர 1:35. வரிசை வெறும் 20 நிமிடம், அதிகாரியிடம் 5 நிமிடம் என்று வைத்தால் மணி 2:00. பெட்டி கையில் கிடைக்க 2:10. சுங்கம் தாண்டி பெட்டியைத் திரும்பக் கொடுக்க 2:20. டெர்மினல் 5இலிருந்து உள்நாட்டு விமானம் கிளம்பும் டெர்மினல் 1க்கு ரயிலில் போய்ச் சேர 2:35. விமானக் கதவை 15 நிமிடம் முன்னால் மூடுவார்கள், அதாவது அதே 2:35க்கு. செக்யூரிட்டி வரிசைக்கு இன்னும் போகவே இல்லை. எல்லாம் நல்லபடியாக நடந்தாலே இதுதான் நிலைமை.

இதில் ஒரு விஷயம். இமிகிரேஷன் வரிசை நகரும்போதே பெட்டிகளும் பெல்ட்டுக்கு வந்துகொண்டிருக்கும். இரண்டையும் கூட்டக் கூடாது, எது தாமதமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். வரிசை நீளமான நாளில் பெட்டி நமக்காகக் காத்திருக்கும், வரிசை குறைவான நாளில் பெட்டிக்காக நாம் காத்திருப்போம். அதனால் ஆள் குறைந்த நேரத்தில் இறங்கினாலும் மொத்த நேரம் பெரிதாகக் குறைவதில்லை.

5:05 விமானத்துக்கு வரிசை 90 நிமிடம் என்று வைத்தேன். அதிகாரியைப் பார்த்து முடிக்க 3:10, பெட்டியைத் திரும்பக் கொடுக்க 3:30, டெர்மினல் 1 வர 3:45, செக்யூரிட்டிக்கு 40 நிமிடம், வாசலுக்கு வர 4:35. கதவு மூடுவது 4:50. மோசமான நாளிலும் கால் மணி மிச்சம். அதையே எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகும் அன்றைக்கு ஒரு விமானம் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டேன். ஒரே டிக்கெட் என்பதால் இணைப்பு தவறினால் விமான நிறுவனம் அடுத்ததில் ஏற்றும். ஆனால் அன்றைய கடைசி விமானமே தவறினால் இரவு சிகாகோவில்தான்.

மார்ச் 9, திங்கள்

சிகாகோ வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து தனி டிக்கெட் என்றால் விலை குறைகிறதே என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். தனி டிக்கெட்டில் பெட்டி டேக்கில் சிகாகோ மட்டும்தான் இருக்கும். சுங்கத்துக்கு வெளியே பெட்டியைத் திரும்பக் கொடுக்கும் ரீசெக் பெல்ட், கடைசி ஊர் வரை டேக் போட்ட பெட்டிகளுக்கு மட்டும். இவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு டெர்மினல் 1இன் செக்-இன் கவுன்டருக்குப் போக வேண்டும். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்குவதைப் பெரும்பாலும் 45 நிமிடம் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். தவறிப்போனால் இரண்டாவது டிக்கெட் பணம் போனது போனதுதான். அப்படியே தனித்தனியாக எடுப்பதென்றால் 5 மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி வைப்பேன்.

அபுதாபி, டப்ளின், கனடாவின் பெரிய விமான நிலையங்கள் வழியாக வந்தால் அமெரிக்க இமிகிரேஷனும் சுங்கமும் விமானம் ஏறும் முன் அங்கேயே முடிந்துவிடும். சிகாகோவில் உள்நாட்டுப் பயணி போல இறங்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் வரிசை இல்லாமல் போவதில்லை, அங்கே இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நீளமான இடைவெளியை அந்த ஊரில் வைக்க வேண்டும். எங்கள் தேதிக்கு அந்த வழி ஒத்துவரவில்லை.

மே 10, ஞாயிறு

இரண்டு பேருக்கும் ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். இமிகிரேஷன் ஹாலில் கைபேசி பயன்படுத்தக் கூடாது என்பதால் தாளில்தான் இருக்க வேண்டும். என் முகவரி, தொலைபேசி எண், திரும்பும் தேதி, மூன்றும் அதில் இருக்கின்றன. எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எவ்வளவு நாள் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். கணவன் மனைவி சேர்ந்தே அதிகாரி முன் போகலாம் என்று பெரிதாக எழுதினேன், அம்மாவின் பயமே அதுதான்.

டேக்கில் கடைசி ஊருக்கான CMH என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று செக்-இன்னிலேயே பார்க்கச் சொன்னேன். கவுன்டரில் “பெட்டியைக் கொலம்பஸில் எடுத்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னாலும், சிகாகோவில் எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள், பெட்டி அங்கேயே நின்றுவிடும். பெட்டி வரவே இல்லை என்றால் வெளியேறும் முன் விமான நிறுவனத்தின் ஆளிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டும்.

விமானத்தில் கொடுக்கும் பழத்தைப் பைக்குள் வைக்க வேண்டாம், அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள் என்றும் சேர்த்தேன். அறிவிக்காமல் கொண்டுவந்த ஒரு ஆப்பிளுக்குக்கூட அபராதம் உண்டு. உணவு இருக்கிறதா என்று கேட்டால், இருந்தால் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். காட்டிவிட்டால், அனுமதி இல்லாததை எடுத்து வைத்துக்கொள்வார்கள், அதோடு முடிந்தது.

மே 16, சனி

வந்து சேர்ந்துவிட்டார்கள். இரவு அப்பா ஒவ்வொன்றாகச் சொல்ல, நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

பிராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்த விமானம் அரை மணி தாமதம், நின்றபோது 1:40. அம்மாவின் முழங்காலுக்காக வீல்சேர் முன்பே கேட்டிருந்தேன். விமான வாசலில் அதற்காகக் காத்திருந்ததில் எல்லோரும் போன பிறகுதான் இவர்கள் நகர முடிந்தது. வீல்சேர் இருந்தால் சீக்கிரம் முடியும் என்று பலர் நம்புகிறார்கள். நடை மிச்சமாகும், வரிசையும் சில இடங்களில் குறையும், ஆனால் நேரம் மிச்சமாகும் என்று எண்ணி இடைவெளியைக் குறைக்கக் கூடாது.

ஹாலுக்கு வந்தபோது 2:20, அதிகாரியிடம் போனபோது 3:00. விரல் ரேகை, புகைப்படம், மூன்று கேள்விகள். பெல்ட்டில் ஒரு பெட்டிதான் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்று தொலைந்தது என்று அம்மா கலங்கிவிட்டார். வரிசை நீளும்போது ஊழியர்கள் பெட்டிகளை எடுத்துத் தரையில் ஓரமாக அடுக்கிவைப்பார்கள் என்று தாளில் இருந்தது. அப்பா அங்கே போய்ப் பார்க்க, தூணுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

பெட்டியைத் திரும்பக் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை மிச்சம். பிராங்க்ஃபர்ட்டில் அப்பா வாங்கிய சென்ட் பாட்டில் 125 மில்லி, கைப்பைக்கு அனுமதி 100 மில்லிதான். கடையில் ஒட்டிக் கொடுத்த உறை சோதனையில் சந்தேகமில்லாமல் தேறினால் விடுவார்கள், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும். அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு பெல்ட்டில் போட்டபோது 3:30. அதற்குப் பிறகு வழியே கிடையாது.

ரயிலில் டெர்மினல் 1, செக்யூரிட்டி முடிய 4:20, வாசலில் 4:30. அப்போதுதான் அப்பா எனக்கு அழைத்தார்.

மே 17, ஞாயிறு

காலையில் i94.cbp.dhs.gov தளத்தில் இருவரின் பாஸ்போர்ட் எண்ணையும் போட்டு I-94 பதிவை எடுத்தேன். விசா எதுவரை என்பது வேறு, இந்த முறை எதுவரை தங்கலாம் என்பது வேறு. இரண்டாவதைச் சொல்வது இந்தப் பதிவுதான். இருவருக்கும் சுற்றுலா வருகையாளருக்கான B-2 பிரிவு, ஆறு மாதம், நவம்பர் நடு வரை. பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருந்தன. பிழை இருந்திருந்தால் சிகாகோவுக்குத் திரும்ப ஓட வேண்டியதில்லை, ‘டிஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன்’ அலுவலகத்தில் திருத்தித் தருவார்கள். இரண்டையும் அச்செடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டேன்.