"எம்.டி. சரி பண்ணச் சொன்னார்": ஸ்டாக் ஸ்டேட்மென்ட் விஷயத்தில் யாரிடம் எதை உறுதி செய்தேன்

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு சிறிய தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சரக்கையும் பாக்கியையும் அடமானமாக வைத்து வங்கியில் எடுத்த கேஷ் கிரெடிட் கடன் கணக்கு இருப்பதால், அவை எவ்வளவு இருக்கின்றன என்று காட்டும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை மாதா மாதம் கொடுக்க வேண்டும். செப்டம்பர் 30 நிலவரத்தை அக்டோபர் 10-க்குள் கொடுப்பது எங்கள் கடன் அனுமதிக் கடிதத்தில் உள்ள நிபந்தனை. அந்த மாதம் ஸ்டேட்மென்ட்டை முன்கூட்டியே கொடுத்துவிட்டோம். 8-ஆம் தேதி சாயங்காலம் கணக்கு மேலாளர் அக்கா சேலத்தில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து கூப்பிட்டார்.

"எம்.டி. பேசினாருப்பா. அந்த ரிப்போர்ட்டைச் சரி பண்ணி நாளைக்குக் காலையில பேங்க்குக்குக் கொடுக்கச் சொன்னார். ஸ்டாக் கம்மியா காட்டியிருக்காம்."

பின்னால் நாதஸ்வரச் சத்தம். "எந்த ஸ்டாக் அக்கா, எவ்வளவு கம்மி?" என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்லலை. நீ பார்த்துச் செய்" என்று வைத்துவிட்டார்.

இதில் எங்கே சிக்கல் என்று புரிய, எங்கள் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எங்கள் லிமிட் 1.20 கோடி ரூபாய். ஆனால் முழு லிமிட்டையும் எப்போதும் எடுத்துவிட முடியாது. கையிருப்புச் சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் வைத்து வங்கி ஒரு தொகை போடும். அதுதான் டிராயிங் பவர், பேச்சில் டி.பி. செப்டம்பர் முடிவில் சரக்கு 110 லட்சம். சப்ளையர்களுக்குத் தரவேண்டிய 30 லட்சத்தைக் கழித்தால் 80. அதில் வங்கி கடன் தராமல் விடும் பங்கான மார்ஜின் 25 சதவீதம் போனால் 60 லட்சம். 90 நாளுக்கு உட்பட்ட பாக்கி 70 லட்சம். எங்களுக்கு அதில் மார்ஜின் 40 சதவீதம், ஆக 42 லட்சம். இரண்டும் சேர்ந்து டி.பி. 102 லட்சம். அன்றைக்குக் கணக்கில் எடுத்திருந்தது 105 லட்சம். மூன்று லட்சம் கூடுதல்.

இந்த நிலையில் "ஸ்டாக் கம்மியா காட்டியிருக்காம்" என்று ஒரு வார்த்தை வந்தால் மனசு எங்கே போகும்? எங்கள் சரக்கில் ஒரு பகுதி வெளியே ஜாப் ஒர்க்கில் இருந்தது. பம்ப் பாடி, இம்பெல்லர் வார்ப்புகளைக் கடைசலுக்காக கணபதிப் பக்கம் உள்ள லேத் பட்டறைகளுக்கு அனுப்புவோம். ஜாப் ஒர்க் சலான் பதிவேட்டின்படி அதன் மதிப்பு 12 லட்சம். ஸ்டேட்மென்ட்டில் அது இல்லை. அதைச் சரக்கோடு சேர்த்தால் 122, கழிவு போக 92, மார்ஜின் போக 69. டி.பி. 111 லட்சத்துக்கு ஏறிவிடும், மூன்று லட்சப் பிரச்சினையும் அதோடு தீர்ந்துவிடும். எம்.டி. சொன்னது இதுதான் என்று நம்பிவிட எல்லாக் காரணமும் இருந்தது. அதனால்தான் அன்றிரவு எதையும் மாற்றவில்லை. கேட்ட வார்த்தையும் நமக்குத் தேவையான விடையும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால் அது நாமே போட்டுக்கொண்ட அர்த்தமாகவும் இருக்கலாம்.

ஸ்டேட்மென்ட்டின் அடியில் கையெழுத்துப் போடுகிறவர் எம்.டி. இந்தச் சரக்கு இருக்கிறது, வங்கிக்கு அடமானமாக உள்ளது, விவரம் சரி என்று உறுதிமொழி கொடுப்பவர் அவர்தான். தவறான சரக்கைக் காட்டி டி.பி. ஏற்றினால் அது வங்கியிடம் பொய் சொல்வது. கம்பெனி என்பதால் இன்னொன்றும் உண்டு. 2021-இல் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திருத்திய பிறகு, நடப்புச் சொத்துக்களை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய கம்பெனிகள், வங்கிக்குக் கொடுத்த காலாண்டு ஸ்டேட்மென்ட்டுகள் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று ஆண்டுக் கணக்கில் குறிப்பிட வேண்டும். செப்டம்பர் காலாண்டு முடிவு. மார்ச்சில் ஆடிட்டர் வந்து கேட்கும்போது "அக்கா போனில் சொன்னார்" என்பது பதில் ஆகாது.

முதலில் ஒரு தாளில் மூன்று கேள்விகளைப் பிரித்து எழுதினேன். எம்.டி. என்ன மாற்றச் சொன்னார்? ஜாப் ஒர்க் சரக்கு டி.பி.க்குச் சேருமா? அந்த 12 லட்சம் உண்மையிலேயே வெளியே இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடியவர்கள் வேறு வேறு ஆட்கள். முதலாவதை எம்.டி.யைத் தவிர யாரும் சொல்ல முடியாது, அக்காகூட முடியாது. இரண்டாவது எம்.டி. கையில் இல்லை, அனுமதிக் கடிதத்திலும் வங்கியின் கடன் அதிகாரியிடமும் இருக்கிறது. மூன்றாவதை ஸ்டோர்ஸ் அண்ணனும் பட்டறைக்காரர்களும்தான் சொல்ல வேண்டும். நிறையப் பேர் எல்லாவற்றையும் "சார், நீங்க சொல்றது சரியா?" என்று முதலாளியிடமே கேட்பார்கள். அவரும் "ஆமா, ஆமா" என்பார். லேத் பட்டறையில் எத்தனை பாடி கிடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அக்காவைத் தாண்டி நேராக எம்.டி.யிடம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். அதனால் அவருக்கு முதலில் ஒரு செய்தி போட்டேன்: "அக்கா, நீங்க கல்யாண வேலையில இருக்கீங்க. எம்.டி.கிட்ட எந்த எண்ணை மாத்தணும்னு நானே ஒரு தடவை கேட்டுக்கட்டுமா? உங்களையும் சேர்த்தே போடறேன்." "தாராளமா கேளுப்பா, எனக்கும் சரியாக் கேக்கலை" என்று பதில் வந்தது. கடைசி மூன்று வார்த்தையும் எனக்கு உதவிதான். அவருக்கே உறுதியில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எம்.டி. அன்றைக்கு ராஜ்கோட்டில் இருந்தார். "என்ன சார் மாத்தணும்?" என்று கேட்டால் "அதான் சொல்லிட்டேனே" என்று வந்துவிடும். ஆகவே போனில் ஒரு பார்வையில் படித்து, ஒரு வரியில் பதில் சொல்லும்படி எழுதினேன்:

"சார், வணக்கம். செப்டம்பர் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைத் திருத்த வேண்டும் என்று மேடம் சொன்னார்கள். இப்போது சரக்கு 110 லட்சம், டி.பி. 102 லட்சம். ஜாப் ஒர்க்கில் உள்ள 12 லட்சம் இதில் இல்லை. (அ) அதைச் சரக்கோடு கூட்ட வேண்டுமா, (ஆ) தனியாகக் காட்ட வேண்டுமா, (இ) நீங்கள் சொன்னது வேறு ஏதாவதா? கூட்டினால் டி.பி. 111 ஆகும். உங்கள் பதில் வந்த பிறகே மாற்றுகிறேன். 10-ஆம் தேதி கடைசி."

கூட்டினால் என்ன ஆகும் என்பதை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். கையெழுத்துப் போடுகிறவருக்கு விளைவு தெரிந்திருக்க வேண்டும்.

ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்தது. வங்கி அதிகாரி அவரிடம் பேசியிருக்கிறார். யூனிட்டைப் பார்வையிட வந்தபோது வார்ப்புகள் வெளியே போயிருப்பதைப் பார்த்தாராம். "வெளிய இருக்கற சரக்கு உங்க ஸ்டேட்மென்ட்ல வரலையே, அதைத் தனி இணைப்பாகக் கொடுங்க" என்பதுதான் அவர் கேட்டது. எம்.டி. அதை அக்காவிடம் "வெளிய இருக்கறது அதில வரலையாம், சரி பண்ணச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டுச் சத்தத்தில் அது "ஸ்டாக் கம்மி" ஆகி என் காதுக்கு வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. "தனியாக" என்ற ஒரு சொல் மட்டும் நடுவில் உதிர்ந்துவிட்டது. என் செய்தியில் இருந்த (ஆ)தான் சரி.

மறுநாள் காலை அனுமதிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். எங்கள் ஆலை வளாகத்தில் உள்ள சரக்கு மட்டுமே டி.பி.க்கு என்று நிபந்தனையில் தெளிவாக இருந்தது. அதிகாரிக்கும் போன் செய்து கேட்டேன். இணைப்பில் உள்ளது தகவலுக்கு மட்டும், டி.பி.யில் சேராது என்றார். ஒவ்வொரு வங்கியிலும் இது இப்படியே இருக்காது. சில இடத்தில் பட்டறைக்காரரிடம் எழுதி வாங்கினால் சேர்ப்பார்கள். அதனால் மற்றவர் அனுபவத்தை நம்பாமல் உங்கள் கடிதத்தைப் பாருங்கள்.

அப்புறம் 12 லட்சம். ஸ்டோர்ஸ் அண்ணனோடு உட்கார்ந்து திறந்திருக்கும் சலான்களை ஒவ்வொன்றாகப் பட்டறைகளுக்குப் போன் போட்டுச் சரிபார்த்தோம். ஒரு சலானில் 64 பம்ப் பாடி போயிருந்தது. பட்டறைக்காரர், "நாப்பது அனுப்பிட்டேனுங்க, இருபத்தி நாலுதான் இங்க கிடக்குது" என்றார். உள்வரவு நோட்டைப் புரட்டினால் 40 பாடி செப்டம்பர் 27-இல் வந்து அடுக்கில் ஏறியிருக்கிறது. சலான் பதிவேட்டில் மட்டும் வரவு எழுதப்படவில்லை. ஆக, அந்த 40 பாடி 110 லட்சத்திலும் இருந்தது, 12 லட்சத்திலும் இருந்தது. ஒரு பாடி 1,500 ரூபாய் வீதம் 60,000. இணைப்பில் போக வேண்டிய தொகை 11.40 லட்சம். இரண்டையும் கூட்டியிருந்தால் ஒரே சரக்கை வங்கிக்கு இரண்டு முறை காட்டியிருப்போம். பட்டறை பெயர், சலான் எண், தேதி, எண்ணிக்கை, மதிப்பு என்று பத்தி பிரித்து இணைப்பைத் தயார் செய்தேன். ஜி.எஸ்.டி.யில் ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பதால், சலான் தேதி அந்தப் பட்டியலில் இருப்பது வேறு வகையிலும் பயன்படும்.

கையெழுத்துக்கு அனுப்பும் முன் எம்.டி.க்கும் அக்காவுக்கும் ஒரு மெயில் போட்டேன். உங்கள் வாய்ஸ் மெசேஜ்படி ஜாப் ஒர்க் சரக்கு தனி இணைப்பில், சரக்கு 110 மாறவில்லை, டி.பி. 102 மாறவில்லை, பதிவேட்டில் 12 இருந்தது 11.40 ஆனதற்குக் காரணம் இது, டி.பி.யில் சேராது என்பதை அதிகாரி போனில் சொன்னார். நாலு வரிதான். "சரி, கொடுத்துடுங்க" என்று எம்.டி. பதில் போட்டார். அந்த மெயிலை ஸ்டேட்மென்ட் நகலோடு சேர்த்து ஃபைலில் வைத்தேன். ஆடிட்டருக்கு அது போதும்.

அந்த மூன்று லட்சம் அப்படியேதான் நின்றது. ஸ்டேட்மென்ட்டைத் திருத்தி அதைச் சரிசெய்ய வழியில்லை என்று தெரிந்ததும் எம்.டி. ராஜ்கோட்டிலிருந்தே பாக்கிக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். ஒரு டீலரிடமிருந்து ஆறு லட்சம் வந்தது. கணக்கு 99-க்கு இறங்கி டி.பி.க்குள் வந்துவிட்டது. ஸ்டேட்மென்ட்டும் இணைப்பும் 9-ஆம் தேதி மாலையே வங்கிக்குப் போய்விட்டன. இப்போது ஸ்டோர்ஸில் உள்வரவு நோட்டில் எழுதும்போதே சலான் எண்ணையும் எழுதிவிடுகிறார்கள். அக்காவும் எம்.டி. போனில் ஏதாவது சொன்னால், "சார், எந்த எண்ணுன்னு ஒரு வரி அவனுக்குப் போட்டுடுங்க" என்று அவரிடமே சொல்லிவிடுகிறார்.