மோமோவுக்கு அம்மா வைத்த காது

மாடியில் குடியிருக்கும் டார்ஜிலிங் பெண் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு டப்பா நிறைய வேகவைக்காத மோமோ கொண்டுவந்து நீட்டினாள். 12 உருப்படி, உள்ளே கோழி கீமா. "எண்ணெய்ல வறுத்து, தண்ணி ஊத்தி, மூடிடுங்க அண்ணா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்கு ஓடிவிட்டாள். எவ்வளவு தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. வேலூர் சத்துவாச்சாரி வெயிலில் மூளை அவ்வளவுதான் வேலை செய்யும்.

தோசைக்கல்லில் 6 மோமோவை வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை அப்படியே கவிழ்த்தேன். சூடான எண்ணெய் படபடவென்று என் கைவரைக்கும் வந்து விசாரித்தது. அப்புறம் எல்லாம் ஊறிப்போய், கரண்டி போட்டதும் மேல்பாதி கரண்டியோடு வந்தது. அடிப்பாதி கல்லோடு தங்கிவிட்டது.

"இன்னாடா இது, கொழுக்கட்டைய எண்ணெயில போட்டு கஞ்சி காய்ச்சிகினு கீற?" என்றார் அம்மா.

அந்தப் பெண்ணுக்கே போன் போட்டுக் கேட்டேன். நான்ஸ்டிக் சட்டி, 2 ஸ்பூன் எண்ணெய், அடி முழுக்கப் பரவினால் போதும். தட்டையான பக்கம் கீழே, ஒன்றோடொன்று ஒட்டாமல், மிதமான தீயில் 2, 3 நிமிஷம். அடி லேசாகப் பொன்னிறமானதும் கால் டம்ளர் தண்ணீர், மோமோவின் கால் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. மூடியைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு ஓரமாக ஊற்றி, உடனே மூடவேண்டும். 6, 7 நிமிஷம்.

ஊற்றின தண்ணீர் மாவையும் கறியையும் வேகவைக்க மட்டும்தான். தண்ணீர் இருக்கிறவரை சட்டியின் அடி 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். அந்தச் சூட்டில் எதுவும் சிவக்காது. முறுகல் வருவது தண்ணீர் வற்றின பிறகுதான். நான் ஒரு டம்ளர் ஊற்றிவிட்டு முறுகலுக்குக் காத்திருந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஆனால் வற்றிவிட்டதா என்று எப்படித் தெரியும்? எங்கள் மூடி அலுமினியத் தட்டு. மீதி 6 மோமோவை அவள் சொன்னபடி வைத்து மூடிவிட்டு, நிமிஷத்துக்கு ஒருதரம் தூக்கிப் பார்த்தேன். ஆவி போனதுதான் மிச்சம், மடிப்பு ஓரமெல்லாம் காய்ந்த மாவாக வெளுத்து நின்றது.

"தொறக்காதடா, சத்தத்தக் கேளு!" கூடத்தில் சீரியல் பார்த்துக்கொண்டே அம்மா அதட்டினார்.

கேட்டேன். கொதகொதவென்று கொதிக்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அது மெலிந்து, வடை வேகும்போது வருமே, அந்த சொய்ங் ஆனது.

"ஆங், தண்ணி பூட்ச்சி. மூடிய எடு."

மூடியில் கோத்திருந்த நீர் சட்டியில் சொட்டாமல் பக்கவாட்டில் எடுத்தேன். திறந்தபடி இன்னும் 2 நிமிஷம். சட்டியை ஆட்டினால் மோமோ தானே வழுக்கி ஓடியது. ஒன்று மட்டும் அசையவில்லை. பிய்க்காமல் அரை நிமிஷம் விட்டேன், அதுவும் கழன்றது. திருப்பினால் அடியெல்லாம் பழுப்பு, நகத்தால் தட்டினால் டக் டக்.

அம்மா 4 சாப்பிட்டுவிட்டு, "கொழுக்கட்டதான். அடில முறுகல் கீது" என்றார். எனக்கு 2 மோமோவும், ஊறப்போட்ட தோசைக்கல்லும் மிச்சம்.