டிரைவர் கதவை ஆட்டிப் பார்த்தபோது பிடிபட்ட கோளாறு

போன மாதம் பானஸ்வாடியில் ஒரு 2017 மாடல் ஹேட்ச்பேக் பார்க்கப் போயிருந்தேன். விற்பவர் ஈரோட்டுக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பெங்களூரிலேயே இருபது வருஷமாக இருக்கிறார். வண்டியை நன்றாக வைத்திருந்தார். கூட அல்சூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரையும் அழைத்துப் போனேன், ஏனென்றால் எஞ்சினைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எனக்கு இரண்டு பேர் தெரியும், ஆனால் வயரிங் என்றால் இருவருமே "ஓடும் சார், பிரச்சினை இல்லை" என்று நகர்ந்துவிடுவார்கள்.

அண்ணன் எஞ்சினைக்கூட முதலில் தொடவில்லை. ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டுவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து நான்கு கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றினார். அப்புறம் என்னைப் பின்னால் உட்கார வைத்து, அந்தந்தக் கதவில் இருக்கும் சுவிட்சிலும் அதையே செய்யச் சொன்னார். முக்கியமான விஷயம், டிரைவர் பக்கமிருக்கும் ஜன்னல் லாக் பட்டன் அமுக்கியிருந்தால் பின் சுவிட்ச் எதுவுமே வேலை செய்யாது, அதை முதலில் விடுவித்துவிட வேண்டும். இல்லாத கோளாறைத் தேடி அரை மணி நேரம் போய்விடும்.

மூன்று கண்ணாடிகள் சரியாக இருந்தன. இடது பின் கண்ணாடி மட்டும் டிரைவர் சுவிட்சுக்கு அசையவே இல்லை. ஆனால் அந்தக் கதவிலேயே இருந்த சுவிட்சில் பாதி இறங்கியிருந்த கண்ணாடி கொஞ்சம் மேலே ஏறியது, கீழே இறங்க மறுத்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியை விற்கும் ஐயா பக்கத்தில் நின்றபடி, "தம்பி, மாஸ்டர் சுவிட்ச்தான் போயிருக்கு, ஜேசி ரோட்டில் கிடைக்கும், மாட்டிக்கொள்ளலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அவருக்கும் அப்படித்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன் சொன்ன விளக்கம் இது. இந்த மாதிரி சாதாரண வயரிங் உள்ள கார்களில் பின் கதவு மோட்டாருக்கு இரண்டு கம்பி போகிறது, இரண்டும் டிரைவர் சுவிட்ச் வழியாகவே வருகின்றன. பின் சீட்டில் இருப்பவர் தன் சுவிட்சை அமுக்கினால், அந்தச் சுவிட்ச் ஒரு கம்பிக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும். அது மோட்டாரைச் சுற்றிவிட்டு இன்னொரு கம்பி வழியாக டிரைவர் சுவிட்சுக்குப் போய்த்தான் எர்த் ஆகும். அதனால் அந்த இரண்டில் ஒன்று அறுந்தால், டிரைவர் பக்கமிருந்து எந்தத் திசையிலும் ஓடாது, பின் சுவிட்சிலோ ஒரு திசையில் மட்டும் ஓடும். மோட்டார் செத்திருந்தால் ஒரு திசையில்கூட ஓடியிருக்காது. ஆக மோட்டார் நன்றாக இருக்கிறது. மீதி இருப்பது சுவிட்ச் அல்லது கம்பி.

இதில் சுவிட்சா கம்பியா என்று பிரித்துச் சொன்னது சென்ட்ரல் லாக்கிங். ரிமோட்டை அமுக்கினால் நான்கு கதவும் 'டக்' என்று பூட்டின. ஆனால் டிரைவர் கதவின் பூட்டுக் குமிழைக் கையால் அமுக்கினால் மற்ற மூன்றும் பூட்ட வேண்டிய வண்டி இது, பூட்டவில்லை. ஜன்னல் சுவிட்சுக்கும் பூட்டுக்கும் நேரடி உறவே கிடையாது. இரண்டுக்கும் பொதுவான இடம் ஒன்றுதான்: கதவுக்கும் வண்டி உடலுக்கும் நடுவில், கீல் பக்கத்தில் இருக்கும் கருப்பு ரப்பர் குழாய். டிரைவர் கதவுக்குப் போகும் எல்லா வயரும் அதன் வழியாகத்தான் போகிறது, கதவைத் திறக்கும்போதெல்லாம் மடங்கி நிமிர்கிறது. வண்டியில் அதிகம் திறக்கும் கதவு டிரைவர் கதவு என்பதால் அங்கேதான் கம்பி முதலில் களைக்கும்.

அண்ணன் செய்தது ரொம்ப எளிய சோதனை. பின் கண்ணாடிக்கான டிரைவர் சுவிட்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே கதவை மெதுவாகத் திறந்தார், மூடினார். முக்கால்வாசி திறந்த நிலையில் கண்ணாடி திடீரென்று இரண்டு விரல் அளவு ஏறி நின்றது. இன்னும் கொஞ்சம் திறந்தால் ஓடியது, மூடினால் நின்றது. ஐயா ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். ரப்பரைக் கதவுப் பக்கத்திலிருந்து உருவிப் பார்த்தபோது ஒரு கம்பியின் மேலுறை வெடித்து உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது, பக்கத்தில் இன்னொன்று இரண்டு மூன்று இழைகளில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

புதுச் சுவிட்ச் மாட்டியிருந்தால் காசு போயிருக்கும், கோளாறு இருந்திருக்கும். ஆனால் இந்தக் கணக்கு எல்லா காருக்கும் பொருந்தாது, ஜன்னலைக் கம்ப்யூட்டர் மூலம் இயக்கும் புது வண்டிகளில் ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். கதவை ஆட்டும் சோதனை மட்டும் எதிலும் செய்யலாம்.

செம்பு பச்சையானதைப் பார்த்ததும் எனக்கு வேறு பயம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியபோது எத்தனை வண்டிகள் மூழ்கின என்று இங்கே இருப்பவர்களுக்கு மறக்காது. நான்கு சீட் பெல்டையும் முழுசாக இழுத்துப் பார்த்தோம், வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். இல்லை. சீட் தண்டவாளத்தில் துருவும் இல்லை, தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தும் பார்த்தோம். ரப்பர் கிழிந்து மழைநீர் இறங்கியதுதான் காரணம் என்று மனசு சமாதானமானது.

பார்க்கிங் சென்சார் இந்த வண்டிக்கு வெளியில் மாட்டியது. 2019 ஜூலைக்குப் பிறகுதான் புது கார்களுக்குப் பின் சென்சார் கட்டாயம் என்பதால் பழைய வண்டியில் கம்பெனி சென்சார் இருக்காமலே போகலாம். ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை ஆன் நிலையில் வைத்து ரிவர்ஸ் கியர் போட்டார் அண்ணன். நான் பின்னால் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சென்சாருக்கும் நேராக, இரண்டு மீட்டரிலிருந்து அடிமேல் அடி வைத்து வந்தேன். ஆள் நின்றால் துணி ஒலியை விழுங்கிவிடும், அட்டை சரியாகத் திருப்பும். மூன்று சத்தம் போட்டன, வலது ஓரம் மௌனம். விரலை வைத்தால் நன்றாக இருப்பவற்றில் ஒரு மெல்லிய துடிப்பு தெரியும், இதில் அதுவும் இல்லை. டிக்கிக்குள் இருந்த பெட்டியில் இரண்டு சென்சார்களின் பிளக்கை இடம் மாற்றிச் செருகினார். கோளாறு பிளக்கோடு சேர்ந்து நகர்ந்தது, ஆக பெட்டி நன்றாக இருக்கிறது, சென்சார்தான் போயிருக்கிறது.

மற்றதெல்லாம் வேகமாக முடிந்தது: இரண்டாவது சாவி எடுத்து ஸ்டார்ட் ஆகிறதா, டிக்கி பூட்டு, வைப்பர், ஹாரன். எல்லாம் சரி.

ஐயாவிடம் பிய்ந்த கம்பியைக் காட்டி மறைக்காமல் சொன்னோம். அவர் யோசித்துவிட்டு, "சரி தம்பி, நீங்களே சரி பண்ணிக்கொள்ளுங்கள்" என்று 6,000 குறைத்தார். வண்டியை எடுத்த மறுநாளே அண்ணன் கடையில் ரப்பரைக் கழற்றி, இரண்டு கம்பியையும் வெட்டி, மடங்கும் இடத்தைத் தாண்டி நீளமான துண்டு சேர்த்து ஈயம் வைத்து, மேலே சூடேற்றிச் சுருங்கும் உறை போட்டார். வெறும் டேப் சுற்றினால் ஆறு மாதத்தில் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்பீர்கள் என்றார். சென்சாரோடு சேர்த்து 2,300 ஆனது. இப்போது டிரைவர் குமிழை அமுக்கினால் நான்கும் ஒன்றாகப் பூட்டுகின்றன.