டி.என்.ஏ. பிராக்டிகல்: சோப்பு, உப்பு, ஆல்கஹால் பற்றி வைவாவில் என்ன சொல்ல வேண்டும்

ரிசல்ட் வந்துவிட்டது, பயாலஜி பிராக்டிகலில் தப்பித்துவிட்டேன். ஆனால் எங்கள் பேட்ச்சில் நன்றாகப் படிக்கிற சிலருக்கே டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் சோதனையில் மார்க் போனது. அதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. காரணம் அவர்கள் இல்லை, எங்களுக்கு ரெக்கார்டில் எழுதச் சொன்ன ஒரு வரி: "டிடர்ஜென்ட் செல் சுவரையும் செல் சவ்வையும் உடைக்கிறது." மொத்த வகுப்பும் அதை அப்படியே மனப்பாடம் செய்திருந்தது.

எக்ஸ்டர்னலாக வந்த மேடம் எனக்கு முன்னால் நின்றவனிடம் கேட்டார்.

"செல் சுவர் எதனால் ஆனது?"

"செல்லுலோஸ் மேடம்."

"பருத்திச் சட்டையும் செல்லுலோஸ்தானே? தினமும் சோப்புப் போட்டுத் துவைக்கிறோம், கரைந்தா போகிறது?"

அவன் வாயடைத்துப் போனான். நான் வரிசையில் நின்றபடியே என் பதிலை மாற்றிக்கொண்டேன். செல் சுவரை உடைப்பது எந்தக் கரைசலும் இல்லை, நம் கைதான். பழத்தை ஜிப் கவரில் போட்டுப் பிசைகிறோமே, அந்த வேலைதான் அது. கனிந்த பழமாக எடுப்பதும் இதற்காகவே. பழுக்கும்போதே பழத்தின் சொந்த நொதிகள் சுவரைப் பாதி தளர்த்திவிடுகின்றன. காயை எடுத்தால் பிசையவே முடியாது.

இனி நீங்கள் எந்தப் பொருளைப் படித்தாலும் ஒரே ஒரு கேள்வியோடு படியுங்கள்: "இதைச் சேர்க்காவிட்டால் குழாயில் என்ன தெரியும்?" எங்கள் வைவாவில் பாதிக் கேள்விகள் இந்த மாதிரிதான் வந்தன. "இதன் பயன் என்ன" என்று படித்தவர்கள் திணறினார்கள்.

நாங்கள் செய்த அளவு இது. வாழைப்பழம் பாதி, சுமார் 50 கிராம். தண்ணீர் 100 மி.லி., உப்பு 3 கிராம் (அரை டீஸ்பூன்), பாத்திரம் கழுவும் திரவம் 10 மி.லி. நுரை வராமல் மெதுவாகக் கலந்து, பத்து நிமிடம் வைத்து, மஸ்லின் துணியில் வடிகட்ட வேண்டும். வடிந்ததில் 2 மி.லி. எடுத்து, அதன்மேல் 4 மி.லி. குளிர்ந்த எத்தனால்.

சோப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை கொழுப்போடு சேரும். செல் சவ்வும் உட்கரு உறையும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பால் ஆனவை. சோப்பு அதற்குள் நுழைந்து, கொழுப்பைச் சிறு சிறு உருண்டைகளாகப் பிரித்துத் தண்ணீருக்குள் இழுத்துவிடுகிறது. இரண்டு சவ்வும் கலைந்ததும் டி.என்.ஏ. வெளியே வருகிறது. அதைச் சுற்றியிருக்கும் புரதங்களையும் சோப்பு ஓரளவு கழற்றிவிடும். சோப்பு இல்லாவிட்டால் பெரும்பாலான டி.என்.ஏ. உட்கருவுக்குள்ளேயே தங்கி, சக்கையோடு துணியில் நின்றுவிடும். நசுங்கிய செல்களிலிருந்து கொஞ்சம் கசியலாம், அவ்வளவுதான். நுரை வரக்கூடாது என்பதற்கு வேறு பெரிய காரணம் இல்லை. நுரை இருந்தால் எத்தனால் தனி அடுக்காக நிற்காது, பார்ப்பதும் கஷ்டம்.

உப்புதான் எல்லோரும் அரைகுறையாகச் சொல்லும் இடம். "உப்பு டி.என்.ஏ.வை வீழ்படிவாக்குகிறது" என்று நிறுத்திவிடாதீர்கள். அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்படியானால் உப்புப் போட்டவுடனேயே ஏன் நூல் தெரியவில்லை?"

நடப்பது இதுதான். டி.என்.ஏ.வின் முதுகெலும்பில் வரிசையாகப் பாஸ்பேட் இருக்கிறது, அதன் மின்சுமை எதிர்மின். அதனால் இழைகள் ஒன்றையொன்று தள்ளும், தண்ணீரிலும் சுலபமாகக் கரைந்து கிடக்கும். உப்பிலிருந்து வரும் சோடியம் அயனி நேர்மின்சுமை கொண்டது. அது பாஸ்பேட்டின் சுமையைச் சமன் செய்ய வேண்டும். ஆனால் சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை, தண்ணீர் மூலக்கூறுகள் இரண்டையும் சூழ்ந்துகொண்டு சேரவிடாது. எத்தனால் வந்து தண்ணீரின் அந்தப் பிடியைத் தளர்த்திய பிறகுதான் சோடியம் பாஸ்பேட்டோடு ஒட்டுகிறது. சுமை போன இழைகள் ஒன்றுசேர்ந்து, கரைய முடியாமல் வெளியே வருகின்றன. ஆக, உப்பும் ஆல்கஹாலும் ஜோடியாக வேலை செய்கின்றன. ஒன்றைக் கேட்டால் மற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உப்பே போடாவிட்டால்? "ஒன்றுமே வராது" என்று அடித்துச் சொல்லாதீர்கள். வாழைப்பழத்திலேயே பொட்டாசியம் நிறைய இருக்கிறது, அதுவும் நேர்மின் அயனிதான். கொஞ்சம் வரலாம், குறைவாக வரும். இந்தப் பதிலைச் சொன்னபோதுதான் மேடம் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

ஆல்கஹாலில் மூன்று விஷயம்:

- அடர்த்தி குறைவு என்பதால் மேலே மிதக்கும். குழாயைச் சாய்த்து, சுவரோரமாக டிராப்பரில் விடுங்கள். நூல் தெரிவது இரண்டு அடுக்கும் சந்திக்கும் கோட்டில்.
- 95 சதவீதம் வேண்டும். கைக்குப் போடும் 70 சதவீத சானிட்டைசரை ஊற்றினால் கீழே உள்ள தண்ணீரோடு கலந்து இன்னும் நீர்த்துப்போகும், நூல் சரியாக வராது.
- குளிர்ச்சி எதற்கு? டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் பழத்திலேயே இருக்கின்றன, குளிரில் அவற்றின் வேகம் குறையும். டி.என்.ஏ. கரைவதும் இன்னும் குறையும். குளிரவைக்காத எத்தனாலிலும் நூல் வரும். "குளிர்ச்சிதான் வீழ்படிவாக்குகிறது" என்பது தவறு.

வடிகட்டுவது பற்றி ஒரே வரி: சக்கை மேலே நிற்கும், கரைந்திருக்கும் டி.என்.ஏ. கீழே இறங்கும். சில பள்ளிகளில் 60 டிகிரி வெந்நீரில் சிறிது நேரம் வைக்கச் சொல்வார்கள். அது சவ்வு கலைவதை விரைவாக்கவும், வெட்டும் நொதிகளை முடக்கவும். அன்னாசிச் சாறு கொடுத்தால் அதிலுள்ள புரோமெலைன் புரதத்தைச் சிதைக்கும், டி.என்.ஏ.வைத் தொடாது.

அப்புறம், ரெக்கார்டில் யாரும் எழுதாத ஒன்று. மேலே வருகிற வெள்ளை எல்லாம் டி.என்.ஏ. இல்லை. பழத்தில் பெக்டின் இருக்கிறது (ஜாம் இறுகுவது அதனால்தான்), அதுவும் ஆல்கஹாலில் வெளியே வரும். ஆர்.என்.ஏ.வும் கொஞ்சம் புரதமும் கூடவே இருக்கும். கண்ணாடிக் குச்சியை ஒரே திசையில் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் அதில் டி.என்.ஏ. இருக்க வாய்ப்பு அதிகம். கொழகொழவென்று கட்டியாக, குமிழிகளோடு நின்றால் பெரும்பகுதி பெக்டின்.

கண்ணால் பார்ப்பது உறுதியான சோதனை ஆகாது. "டி.என்.ஏ. என்று எப்படி நிரூபிப்பாய்" என்று கேட்டால், டைஃபினைலமீன் ரீஏஜென்ட் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் டிஆக்ஸிரைபோஸ் நீல நிறம் தரும் என்று சொல்லுங்கள். அந்த ரீஏஜென்ட்டில் அடர் அமிலம் இருக்கிறது, அதனால் பள்ளியில் செய்து காட்டச் சொல்ல மாட்டார்கள், தெரியுமா என்று மட்டும் பார்ப்பார்கள். முடிவில் "டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டது" என்று எழுதுவதைவிட, "ஆர்.என்.ஏ., புரதம், பெக்டின் கலந்த டி.என்.ஏ. வெண்ணிற நூல்களாகக் கிடைத்தது" என்று எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன், மேடம் அந்த வரியின் அடியில் கோடு போட்டு டிக் செய்தார்.