கம்பு போன பிறகு விழுந்த அடி

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்துதான் ஒரு சிலம்ப வீடியோ விளையாட்டுக்கு வேலை பார்த்தேன். விளையாடிப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன குறை ஒன்றுதான்: கம்பு எதிரியின் உடம்பைக் கடந்து போகிறது, ஆனால் அடி விழவில்லை. அதைவிட விநோதம், வீச்சு முடிந்து அசையாமல் நிற்கும் கம்பில் எதிரி வந்து மோதினால் அவனுக்கு அடிபட்டது.

விளையாட்டை நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். நொடிக்கு 60 ஃபிரேம், வீச்சு மொத்தம் 42 ஃபிரேம். ஹிட்பாக்ஸ், அதாவது அடிபடும் எல்லை, 18-ஆவது ஃபிரேமில் திறந்து 23-இல் மூடியது. கம்போ 12-இலிருந்து 17-க்குள் பாய்ந்து முடித்துவிட்டது. அனிமேஷன் கோப்பு நொடிக்கு 30 ஃபிரேமில் இருந்தது. அதில் கம்பு முழுதாக நீண்டு நிற்கும் 9-ஆவது ஃபிரேமில், அதாவது விளையாட்டுக் கணக்கில் 18-இல், ஹிட்பாக்ஸ் திறக்கும் குறியை வைத்திருந்தோம். பார்க்க அழகான நிலை அதுதான். ஆனால் அடி அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

அப்புறம் தெருக்கோடியில் சிலம்பம் கற்றுக்கொடுக்கும் வாத்தியாரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். வளவில் நின்று வீசினார். போனில் நொடிக்கு 240 ஃபிரேமில் எடுத்தேன். கீழே இருந்த ஆத்தங்குடிக் கல்லின் கட்டங்களே அளவுகோலாகிவிட்டன. கால் வட்டத்தைக் கம்பு 24 ஃபிரேமில் கடந்தது, விளையாட்டுக் கணக்கில் 6. "தம்பி, வீச்சுலதான் அடி. கம்பு நின்னுட்டா அது வெறும் குச்சி" என்றார்.

அதை வைத்துப் பிரித்தேன். கையை ஓங்கும் ஸ்டார்ட்அப் 11 ஃபிரேம், அடிக்கும் ஆக்டிவ் 12 முதல் 17 வரை, நிதானத்துக்கு வரும் ரிகவரி மீதி 25. இதிலும் ஒரு குழப்பம். முதல் ஆக்டிவ் ஃபிரேமையும் சேர்த்து "ஸ்டார்ட்அப் 12" என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அதனால் அடி எத்தனையாவது ஃபிரேமில் தொடங்குகிறது என்பதையும் குறிப்பில் எழுதி வைத்தோம்.

நேரம் சரியானது. ஆனாலும் சில அடிகள் தவறின. ஐந்தடி நீளக் கம்பு கால் வட்டத்தை 6 ஃபிரேமில் கடந்தால், நுனி ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் அடி தாவுகிறது. நுனியில் கட்டிய சின்ன ஹிட்பாக்ஸ் ஒரு ஃபிரேமில் எதிரிக்கு இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம். நடுவில் நின்றவன் தப்பித்துக்கொண்டான். ஹிட்பாக்ஸைப் பெரிதாக்கலாம் என்றார் கூட வேலை பார்த்த தம்பி. எனக்கு மனசு வரவில்லை. கம்பு படாத இடத்திலும் அடி விழும். போன ஃபிரேமில் கம்பு இருந்த இடத்துக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் இடைப்பட்ட பரப்பு முழுவதையும் சோதிக்கும்படி மாற்றினோம். அதற்குப் பிறகு தப்பவில்லை.

ரிகவரி 25 நீளமாகத் தெரிந்ததால் 15 ஆக்கிப் பார்த்தேன். கம்பின் கனமே போய்விட்டது. 25-ஐத் திரும்ப வைத்து, அதன் 14-ஆவது ஃபிரேமிலிருந்து விலகி ஓட மட்டும் அனுமதித்தேன். வாத்தியார் விளையாடிப் பார்த்துவிட்டு, இரண்டாவது வீச்சிலேயே கம்பை எப்போது திருப்பலாம் என்று கேட்டார்.