செக்கர் பார்க்காமல் பணம் போகக் கூடாது: கம்பெனி நெட்பேங்கிங்கை அமைத்த விதம்

அம்பத்தூர், கிண்டி பக்கம் இருக்கும் சிறு கம்பெனிகளின் கணக்கு வேலையைப் பார்க்கிறவர்கள் நாங்கள். கம்பெனி நெட்பேங்கிங்கில் ஒருவர் பேமெண்ட்டைப் போட்டு, இன்னொருவர் ஒப்புதல் கொடுத்த பிறகே பணம் வெளியேறும்படி அமைத்து, அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த விதத்தை இங்கே எழுதுகிறோம். போடுகிறவர் மேக்கர், பார்த்து விடுகிறவர் செக்கர். சில வங்கிகளில் செக்கருக்கு ஆத்தரைசர் என்று பெயர். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேக்கர் காட்டுகிற தாளையே பார்த்து செக்கர் ஒப்புதல் கொடுத்தால், இரண்டு பேர் இருந்தும் பார்த்தது ஒருவர்தான். செக்கர் வேறு இடத்திலிருந்து சரிபார்த்தால்தான் இந்த ஏற்பாட்டுக்குப் பலன்.

வேலை வங்கி விண்ணப்பத்தில்தான் ஆரம்பிக்கிறது. பிரைவேட் லிமிடெட் என்றால் போர்டு தீர்மானம் வேண்டும்; கூட்டு நிறுவனம் என்றால் பங்குதாரர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட கடிதம். யார் மேக்கர், யார் செக்கர், எவ்வளவு தொகை வரை யார் ஒப்புதல் கொடுக்கலாம் என்பதை அதிலேயே எழுதிவிட வேண்டும். நாங்கள் வழக்கமாகச் சொல்வது இப்படி: 50,000 ரூபாய் வரை அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஒருவர் போதும், அதற்கு மேல் 5 லட்சம் வரை ஒரு டைரக்டர், 5 லட்சத்தைத் தாண்டினால் மேனேஜரும் டைரக்டரும் சேர்ந்து. தொகைகளை அவரவர் கம்பெனிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தில் கண்ணில் படாமல் போகிற இடம், தனியாகவா சேர்ந்தா என்று கேட்கும் சின்னக் கட்டம். செக்கில் டைரக்டர் தனியாகக் கையெழுத்துப் போடலாம் என்று ஏற்கெனவே இருக்கும். அதே பழக்கத்தில் இங்கேயும் 'தனியாக' என்று டிக் அடித்துவிடுவார்கள். அப்போது டைரக்டரின் ஐடியிலேயே பேமெண்ட்டைப் போட்டு, அதே ஐடியிலேயே ஒப்புதலும் கொடுத்துவிட முடியும். அந்த ஐடியின் பாஸ்வேர்டு அக்கவுண்ட்ஸ் பையனிடம் இருந்தால், மற்ற ஏற்பாடெல்லாம் பேப்பரில்தான் இருக்கும்.

அடுத்தது மொபைல் நம்பர். ஒவ்வொரு ஐடிக்கும் அந்தந்த ஆளின் சொந்த நம்பரும் சொந்த மெயிலும் பதிவாக வேண்டும். எல்லா ஐடிக்கும் ஆபீஸ் நம்பர் ஒன்றையே கொடுத்துவைத்தால், எல்லா ஓ.டி.பி.யும் ஒரே போனுக்கு வரும். டைரக்டர் வெளியூரிலிருந்து போனில் ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்வதும் அதே கணக்குதான். திரையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் சொன்னால், அவர் எதற்கு ஒப்புதல் கொடுத்தார் என்பது அவருக்கே தெரியாது. பெரும்பாலான வங்கிகளின் மொபைல் ஆப்பில் செக்கர் தானே திறந்து பார்த்து ஒப்புதல் தரலாம். வெளியூரில் இருப்பவர் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஐடிகள் வந்ததும் உண்மையான பில்லைத் தொடாமல் சோதிக்க வேண்டும். மேக்கர் ஐடியில் ஒரு ரூபாய் பேமெண்ட் ஒன்றைப் போட்டு, அதே ஐடியில் ஒப்புதல் கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியக் கூடாது. செக்கர் ஐடியில் புதிதாகப் பேமெண்ட் போட முடிகிறதா, வந்த பேமெண்ட்டின் தொகையைத் திருத்த முடிகிறதா என்றும் பாருங்கள். திருத்த முடிந்தால் அவரும் ஒரு மேக்கர்தான். தவறு இருந்தால் செக்கர் காரணம் எழுதி நிராகரிக்க வேண்டும், மேக்கர் திரும்பப் போட வேண்டும். கூடுதல் வேலைதான், ஆனால் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இனி இதில் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பேமெண்ட்டுக்கு ஒப்புதல் என்றதும் எல்லோரும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். பணம் யாருக்குப் போகிறது என்பது, பெனிஃபிஷியரி சேர்க்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஒரு தடவை தவறான கணக்கு எண் பட்டியலில் ஏறிவிட்டால், பிறகு வருகிற ஒவ்வொரு பேமெண்ட்டிலும் பெயர் சரி, தொகை சரி, கணக்கு மட்டும் வேறு. அதனால் பெனிஃபிஷியரி சேர்ப்பதற்கும் மாற்றுவதற்கும் தனி ஒப்புதல் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்குங்கள். சில வங்கிகள் இதைத் தானாகத் தருவதில்லை.

நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் பணம் கணக்கு எண்ணை வைத்தே வரவாகிறது. பெயரை எப்படி அடித்தாலும் அது பணத்தை நிறுத்தாது. 2025 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, அனுப்பும் முன் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் வசதியை வங்கிகள் தர வேண்டும். மேக்கர் அதைப் பார்த்து என்ன பெயர் வந்தது என்று எழுதி வைக்கட்டும், செக்கரும் தன் திரையில் ஒரு தடவை பார்க்கட்டும். கடைப் பெயருக்குப் பதிலாக உரிமையாளரின் பெயர் வரலாம், அதில் தப்பில்லை. முன்பின் தெரியாத பெயர் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்' என்று சப்ளையர் பெயரில் மெயில் வருவது எல்லோருக்கும் தெரிந்த மோசடி. லெட்டர்ஹெட், கேன்சல் செய்த செக் எல்லாம் சரியாகவே இருக்கும். இதைப் பிடிப்பது செக்கர் செய்கிற ஒரு போன்கால். மெயிலில் இருக்கும் நம்பருக்கு அழைக்கக் கூடாது. பழைய பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கும் நம்பருக்கே அழைக்க வேண்டும். புதுக் கணக்கு எண்ணை நாம் படித்துக் காட்டவும் கூடாது.

"சார், அம்பத்தூர் கம்பெனியிலிருந்து பேசுறேன். உங்க புது அக்கவுண்ட் நம்பரோட கடைசி நாலு எண்ணைச் சொல்லுங்க."

"புது அக்கவுண்டா? நாங்க எதுவும் மாத்தலையே சார்."

இந்தப் பதில் வந்துவிட்டால் அந்த மெயிலை அழிக்காமல் வைத்துக்கொண்டு பெனிஃபிஷியரியை நிராகரியுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் வங்கிக்கும் 1930 சைபர் உதவி எண்ணுக்கும் ஒரே சமயத்தில் தகவல் சொல்ல வேண்டும்.

பேமெண்ட்டில் செக்கர் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு பில். ஷெட்டின் கூரை ஷீட் மாற்றிய கான்ட்ராக்டர், கூட்டு நிறுவனம். வேலையின் மதிப்பு 1,80,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 32,400, ஆக பில் 2,12,400. கான்ட்ராக்டர் கூட்டு நிறுவனம் என்பதால் டி.டி.எஸ். 2 சதவீதம். பில்லில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டியிருந்தால், டி.டி.எஸ். வேலையின் மதிப்புக்குத்தான். அதாவது 3,600. கொடுக்க வேண்டியது 2,08,800. மேக்கர் முழு பில்லுக்கும் 2 சதவீதம் பிடித்தால் 4,248 ஆகி, 2,08,152 என்று திரையில் வரும். மேக்கரின் எக்செல்லும் அதையே காட்டும், கூட்டிப் பார்த்தாலும் சரியாக இருக்கும். பில்லை எடுத்து வைத்துத் தானே கணக்குப் போடுகிற செக்கர்தான் 648 ரூபாய் வித்தியாசத்தைப் பிடிப்பார். கான்ட்ராக்டர் தனி நபர் என்றால் 1 சதவீதம் என்பதால், அவருடைய பான் நம்பரையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். நான்காவது எழுத்து P என்றால் தனி நபர், F என்றால் கூட்டு நிறுவனம்.

ஒரே நேரத்தில் நாற்பது ஐம்பது பேருக்குப் போடும்போது ஃபைலாக ஏற்றுவோம். அங்கே எக்செல் தனியாக ஒரு வம்பு செய்யும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். 1234567890123456 என்ற 16 இலக்கக் கணக்கு எண்ணை அடித்தால் அது 1234567890123450 ஆகிவிடும். முன்னால் பூஜ்யம் இருக்கும் எண்ணில் அந்தப் பூஜ்யம் காணாமல் போகும். எண்களை ஒட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்றிவிட வேண்டும். ஒட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பி வராது. ஐ.எஃப்.எஸ்.சி. கோடில் ஐந்தாவது இடத்தில் இருப்பது எப்போதும் பூஜ்யம்தான். அங்கே ஓ எழுத்தை அடித்தால் அந்த வரி ஏறாது. செக்கர் எக்செல்லைத் திறந்து பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. வங்கித் திரையில் ஏறியிருக்கும் மொத்தத் தொகை, மொத்தப் பேர் இரண்டையும் பில் கட்டோடு ஒப்பிட்டு, பெரிய தொகைகளின் கணக்கு எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மேக்கர் அனுப்பிய ஃபைலும் ஏறிய ஃபைலும் ஒன்றுதான் என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது.

ஒப்புதல் கொடுத்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. திரை பாதியில் நின்றுபோனால் பேமெண்ட் போகவில்லை என்று நினைத்து மேக்கர் திரும்பப் போடுவார், செக்கரும் அவசரத்தில் விட்டுவிடுவார். இரண்டும் போய்ச் சேரும். நெஃப்ட் அரை மணி நேரத்துக்கு ஒரு தொகுப்பாக நாள் முழுக்க நடக்கிறது. வரவாக முடியாத பணம், அந்தத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும். ஆகவே யு.டி.ஆர். நம்பர் வந்ததா, ஸ்டேட்மெண்ட்டில் பற்று விழுந்ததா, திரும்பி வந்ததா என்று பார்த்த பிறகே மறுபடி போட வேண்டும். மறுநாள் காலை ஸ்டேட்மெண்ட்டை ஒப்பிடுகிறவர் மேக்கராக இருக்கக் கூடாது.

நடைமுறையில் இந்த ஏற்பாட்டை உடைப்பது பெரும்பாலும் செக்கரின் லீவுதான். டி.டி.எஸ். கட்டக் கடைசி நாள் 7ஆம் தேதி. அன்று செக்கர் ஊரில் இல்லை என்றால் பாஸ்வேர்டு கை மாறும், அடுத்த மாதமும் அதுவே நடக்கும். அதனால் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு செக்கர்களைப் பதிவு செய்து, அவர்களில் யாராவது ஒருவர் போதும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். புது ஐடி வர வங்கியில் நாள் பிடிக்கும் என்பதால் இதை முன்கூட்டியே செய்ய வேண்டும். 7ஆம் தேதி காலைக்குப் பதில் 5ஆம் தேதியே மேக்கர் சலானைப் போட்டுவிட்டால், செக்கருக்கும் நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும்.

மேக்கரும் செக்கரும் கூட்டுச் சேர்ந்தால் இந்த ஏற்பாடு ஒன்றும் செய்யாது. சரக்கு வராமலே வந்த பில்லையும் இது கண்டுபிடிக்காது. அதற்கு ஸ்டோர்ஸ் கையெழுத்துப் போட்ட ரசீது பில்லோடு இருக்க வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால், போகிற நாளிலேயே அவருடைய ஐடியை நிறுத்தச் சொல்லி வங்கிக்குக் கடிதம் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி ஃபைலில் வையுங்கள். பிறகு அந்த ஐடியில் லாகின் ஆகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். கடிதம் கொடுத்தும் நிறுத்தப்படாமல் இருந்த ஐடிகளைப் பார்த்திருக்கிறோம்.